"இதேவேளை" என்ற சொல் மறைத்த பள்ளம்

நாற்பது வயதைக் கடந்த பின்னரே நான் பவர்பொயின்டில் உரை தயாரிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னர் கையில் நான்கைந்து தாள்களுடன் மேடையேறிய தலைமுறையைச் சேர்ந்தவன். அந்தத் தாள்களில் முழு வாக்கியங்கள் இருந்தன. கூட்டம் முடிந்ததும் அவற்றை அப்படியே அச்சுக் கோப்பவரிடம் கொடுத்தால் மறுநாள் கட்டுரையாகிவிடும். படவில்லைகளில் அந்த வசதி இல்லை. அவற்றில் இருப்பவை சொற்றொடர்கள், அம்புக்குறிகள், படங்கள். அவற்றைக் கட்டுரையாக்கும் வேலை இலகுவானது என்று எண்ணி நான் செய்த ஒரு தவறையும், அதனால் பிறர் ஒருவருக்கு நேர்ந்த இழப்பையும் இங்கே எழுத விரும்புகிறேன். இன்று பல ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் தங்கள் மாநாட்டு உரைகளைக் கட்டுரையாக வெளியிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் நான் அன்று செய்த அதே தவறு தென்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாநாட்டில் இருபது நிமிடம் பேச அழைத்தார்கள். எங்கள் பழைய பத்திரிகைகளினதும் சஞ்சிகைகளினதும் கணினிக் கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் முடங்கிக் கிடப்பதே என் பொருள். பதினான்கு படவில்லைகள் தயாரித்தேன். என் வாதம் மிகச் சுருக்கமானது. பாமினியில் உள்ளவை கண்ணுக்குத் தமிழ். ஆனால் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகள். ஆகவே எந்தத் தேடலிலும் அவை அகப்படமாட்டா. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஆனால் மாற்றிய பின்னரும் மூலக் கோப்புகளை அழிக்கக் கூடாது.

எட்டாவது படவில்லை இப்படி இருந்தது. தலைப்பு: "ஒருங்குறிக்கு மாற்றல்". அதன் கீழே நான்கு புள்ளிக் குறிப்புகள்: "மாற்றி மென்பொருட்கள் உண்டு", "விரைவானவை", "BBC → டீடீஊ", "மூலக் கோப்பு". இவ்வளவுதான். மண்டபத்தில் இந்த ஒரு படவில்லையை முன்வைத்து நான் ஏறத்தாழ நான்கு நிமிடம் பேசினேன். மூன்றாவது குறிப்பு வந்தபோது சிரிப்பொலி எழுந்தது. நான்காவது குறிப்பு வந்தபோது குரலைத் தாழ்த்தி, "மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்" என்று இருமுறை சொன்னேன். ஒருவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நண்பர்கள் பலர் உரையைக் கட்டுரையாகக் கேட்டார்கள். ஓர் இரவில் அமர்ந்து படவில்லைகளை வரிசையாக வாக்கியமாக்கினேன். எட்டாவது படவில்லை இவ்வாறு மாறியது: "ஒருங்குறிக்கு மாற்றுவதற்கான மென்பொருட்கள் இப்போது கிடைக்கின்றன. மேலும் அவை விரைவானவை. இதேவேளை, ஆங்கிலச் சொற்கள் சில சந்தர்ப்பங்களில் பிழையாக மாறுகின்றன. அத்துடன் மூலக் கோப்புகளையும் கவனத்திற் கொள்ள வேண்டும். எனவே இப்பணியை இன்றே தொடங்குவோம்."

வாசித்துப் பாருங்கள். எங்கும் தடக்கவில்லை; வழுவழுப்பாகவே ஓடுகிறது. முப்பது ஆண்டுப் பத்திரிகைப் பயிற்சி கொடுத்த கைப்பழக்கம் அது.

சில மாதங்களின் பின்னர் ஐரோப்பிய நகரொன்றில் இருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கு எம்மவர் சங்கமொன்று நடத்திய பழைய மாத இதழின் கோப்புகளைப் பொறுப்பேற்றிருந்தவர் எழுதியிருந்தார். "ஐயா, தங்கள் கட்டுரையை வாசித்து ஊக்கம் பெற்று முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டோம். பழைய கோப்புகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன, அவற்றை நீக்கிவிட்டோம். ஆனால் இப்போது மரண அறிவித்தல்களில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் வீதிப் பெயர்களும் விளங்காத தமிழாக இருக்கின்றன. என்ன செய்யலாம்?" நன்றியும் கேள்வியும் ஒரே கடிதத்தில் இருந்தன. அவர் என் கட்டுரையைப் பிழையாக வாசிக்கவில்லை. நான்தான் அந்தக் கட்டுரையில் என் வாதத்தை எழுதவில்லை.

எது விடுபட்டது என்பதைக் காண, மூன்றாவது குறிப்புக்கும் நான்காவது குறிப்புக்கும் இடையே மண்டபத்தில் நான் என்ன சொன்னேன் என்று நினைவுகூர வேண்டியிருந்தது. "தமிழ்" என்ற சொல்லைப் பாமினியில் தட்டினால் கணினி சேமிப்பது jkpo; என்ற ஐந்து குறிகளையே. பாமினி எழுத்துரு அந்த ஐந்துக்கும் தமிழ் உருவங்களை வரைந்து காட்டுகிறது. அதே பக்கத்தில் BBC என்று எழுதியிருந்தால், அந்த மூன்றெழுத்துக்கும் வேறோர் ஆங்கில எழுத்துரு தெரிவு செய்யப்பட்டிருக்கும். இரண்டையும் பிரித்தறிய உதவுவது எந்தப் பகுதிக்கு எந்த எழுத்துரு என்ற தகவல் ஒன்றே. கோப்பில் இருந்து வெறும் எழுத்துகளை மட்டும் பிரதி பண்ணி மாற்றியில் ஒட்டும்போது அந்தத் தகவல் உதிர்ந்துவிடுகிறது. அதன் பின்னர் மாற்றிக்கு எல்லாமே பாமினிதான். பாமினியில் B என்பது "டீ". C என்பது "ஊ". ஆகவே BBC "டீடீஊ" ஆகிறது. மென்பொருளைப் பொறுத்தவரை அது பிழையே அல்ல. அதனால் எந்த எச்சரிக்கையும் தோன்றுவதில்லை. யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதுதான் பிழை தெரியவரும். அந்த நாளில் சரிபார்ப்பதற்கு மூலக் கோப்பு இருக்க வேண்டும்.

ஆக, நான்காவது குறிப்பு மூன்றாவதின் விளைவு. பிழை மௌனமாக நிகழ்கிறது என்பதனாற்றான் மூலத்தைக் காக்க வேண்டும். நானோ அவ்விடத்தில் "அத்துடன்" என்று எழுதியிருந்தேன். "அத்துடன்" என்றால் பட்டியலில் இன்னொன்று என்று பொருள். காரணமும் விளைவுமாக நின்ற இரண்டு கருத்துகள் கடைச் சாமான் பட்டியலில் அரிசியும் பருப்பும் போல அருகருகே வந்துவிட்டன. "இதேவேளை" அதைவிட மோசம். மாற்றி விரைவானது என்பதற்கும் அது பிழைவிடும் என்பதற்கும் இடையில் உள்ள உறவு ஒரே வேளையில் நடக்கும் இரு செய்திகளின் உறவா? அது முரண். அங்கே "ஆனால்" வந்திருக்க வேண்டும்.

இந்த "இதேவேளை" பற்றி எனக்கு முன்னரே எச்சரிக்கை கிடைத்திருந்தது. உப ஆசிரியராகச் சேர்ந்த காலத்தில் இரண்டு செய்திகளை இச்சொல்லால் இணைத்துக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் பிரதியைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த இரண்டுக்கும் என்ன உறவு?" என்று கேட்டார். "ஒரே பக்கத்தில் வருகிறது, ஐயா" என்றேன். "அப்படியென்றால் இரண்டு தலைப்புப் போடும்" என்று சொல்லிப் பிரதியைத் திருப்பித் தந்தார். அந்தக் கேள்வியை நான் மறந்திருந்தேன்.

இது என் ஒருவனின் கவனக்குறைவு மட்டுமல்ல. படவில்லை என்ற வடிவமே கருத்துகளுக்கிடையிலான உறவைச் சொல்லாமல் விட அனுமதிக்கிறது. இதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2003 ஜனவரி 16ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது, வெளித்தாங்கியில் இருந்து பிரிந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையைத் தாக்கியது. ஓடம் விண்ணில் இருந்தபோதே பொறியியலாளர்கள் சேதத்தின் சாத்தியத்தை ஆராய்ந்து தம் முடிவுகளைப் படவில்லைகளாகச் சமர்ப்பித்தனர். அவற்றில் ஒன்றின் தலைப்பு, பரிசோதனைத் தரவுகள் ஆறுதல் தருவனவாக எண்ணச் செய்தது. அதே படவில்லையின் அடியில், சிறிய எழுத்தில், உண்மையான துண்டின் கனவளவு 1920 கன அங்குலம் என்றும் பரிசோதிக்கப்பட்ட துண்டு 3 கன அங்குலம் என்றும் இருந்தது. அறுநூற்று நாற்பது மடங்கு வேறுபாடு. பெப்ரவரி 1ஆம் திகதி ஓடம் பூமிக்குத் திரும்புகையில் சிதறி எழுவர் மாண்டனர். அதே ஆண்டு வெளிவந்த விசாரணைச் சபையின் அறிக்கை, தொழினுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாகப் படவில்லைகளைப் பயன்படுத்தும் வழக்கத்தைக் கண்டித்தது. எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் அந்த ஒரு படவில்லையை வரி வரியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த விபத்துக்கு ஒரு படவில்லைதான் காரணம் என்று சொல்வது மிகை. ஆயினும், அந்தத் தலைப்பையும் அடிக்குறிப்பையும் ஒரே வாக்கியத்தில் எழுத முயன்றிருந்தால், நடுவே ஓர் "ஆனால்" வராமல் எழுதியிருக்க முடியாது. வந்திருந்தால் அந்த வாக்கியத்தின் பாரம் முழுவதும் பின்பாதிக்குப் போயிருக்கும்.

மின்னஞ்சல் வந்த பின்னர் என் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். இம்முறை பின்பற்றிய முறையைச் சொல்கிறேன்.

முதலில், ஒவ்வொரு படவில்லையும் எதை நிறுவ வந்தது என்பதை ஒரே முழு வாக்கியத்தில் எழுதினேன். "மூலக் கோப்பு" என்பது தலைப்பு, கருத்தாகாது. "மாற்றும்போது நேரும் பிழைகள் தாமே வெளிப்படுவதில்லையாதலால் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது" என்பதே கருத்து. எழுவாயும் பயனிலையும் வைத்து எழுதும்போது சில படவில்லைகளிடம் சொல்வதற்கு எதுவுமே இல்லை என்பது புலனாயிற்று. முகப்பு, என்னைப் பற்றிய அறிமுகம், நன்றி ஆகிய மூன்றும் அப்படிப் போயின. இரண்டு படவில்லைகள் ஒரே கருத்தையே சொன்னதால் ஒன்றாயின. எட்டாவது மட்டும் நான்கு பந்திகளாக விரிந்தது. ஒரு படவில்லைக்கு ஒரு பந்தி என்று கணக்கு வைத்ததே முதல் முயற்சியில் நான் விட்ட பிழை.

இரண்டாவதாக, அந்த வாக்கியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே உள்ள உறவை ஓரத்தில் ஒரு சொல்லில் குறித்தேன்: காரணம், விளைவு, முரண், உதாரணம், விதிவிலக்கு. ஓரத்தில் எழுத ஒன்றும் அகப்படாத இடத்தில் வாதம் அறுந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை இணைப்புச் சொல்லால் மூடக் கூடாது. ஒன்றில் இடையில் விடுபட்ட கருத்தைத் தேடி எழுத வேண்டும். அல்லது அங்கே இரண்டு தனி விடயங்கள் உள்ளன என்று ஒப்புக்கொண்டு உபதலைப்பிட்டுப் பிரிக்க வேண்டும்.

என் வரிசையில் அப்படி ஒரு பள்ளம் ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையில் இருந்தது. ஏழாவது, தேடலில் அகப்படாமையைச் சொன்னது. எட்டாவது நேரே ஒருங்குறிக்குத் தாவியது. ஏன் ஒருங்குறி? வேறு வழியே இல்லையா? விடை என்னிடம் இருக்கவில்லை; சபையில் இருந்த ஒருவரிடம் கேள்வியாக இருந்தது. உரை முடிந்ததும் ஓர் இளம் நூலகர் எழுந்து, "பக்கங்களை வருடிப் படமாக வைத்தால் போதாதா, சேர்?" என்று கேட்டிருந்தார். அன்று அவசரமாக ஏதோ பதில் சொல்லி அமர்ந்தேன். எழுதும்போதுதான் அந்தக் கேள்வியே நான் தேடிய பாலம் என்று விளங்கியது. வருடிய படம் மனிதர் வாசிக்க ஏற்றது. பக்க அமைப்பும் புகைப்படங்களும் அதில் அப்படியே இருக்கும். ஆனால் கணினிக்கு அது வெறும் புள்ளிகளின் கூட்டம். பாமினிக் கோப்பில் தமிழெழுத்து இல்லாதது போலவே படத்திலும் இல்லை. ஆகவே படம், மூலத்தைப் பேணும் வேலைக்கு உதவும். தேடும் வேலைக்கு எழுத்தாக மாறிய பிரதி தேவை. இந்தப் பந்தி படவில்லைகள் எதிலும் இல்லை. அது வந்த பின்னர் ஏழும் எட்டும் தாமே பொருந்தின. இணைப்புச் சொல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. உரை நிகழ்த்துவோர் சபையின் கேள்விகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கேள்வி எழுந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு படி குறைந்திருக்கும்.

மூன்றாவதாக, வரிசையை மாற்றினேன். மண்டபத்தில் முதலில் jkpo; என்ற எழுத்துகளைத் திரையில் காட்டி, மௌனமாக நின்றேன். சபையினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகே விடயத்துக்கு வந்தேன். அவர்கள் எழுந்து போகமாட்டார்கள் என்ற துணிவில் முடிவைக் கடைசிப் படவில்லை வரை ஒளித்து வைத்தேன். வாசகர் அப்படிக் கட்டுண்டவர் அல்லர். மூன்றாம் பந்தியில் எழுந்து போகலாம். ஆகவே மூலத்தை அழிக்காதீர்கள் என்பதை இரண்டாம் பந்திக்கே கொண்டுவந்தேன். திரையில் ஓர் உருவம் செய்த வேலையை எழுத்தில் ஒரு வாக்கியம் செய்ய வேண்டும்: "அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இந்தப் பக்கத்தைத் திறந்தால் 'தமிழ்' என்பது jkpo; என்றே தெரியும்". குரலைத் தாழ்த்தி இருமுறை சொன்னதற்கு எழுத்தில் ஈடு, அந்தக் கருத்துக்குத் தனிப் பந்தி கொடுப்பதே.

எட்டாவது படவில்லை இறுதியில் இப்படி முடிந்தது: "மாற்றி மென்பொருள் ஒரு நொடியில் ஓர் இதழை மாற்றிவிடும். ஆனால் அந்த விரைவில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. வெறும் எழுத்தாகப் பிரதி பண்ணும்போது, எது தமிழ், எது ஆங்கிலம் என்று காட்டிய எழுத்துருத் தகவல் இழக்கப்படுகிறது. BBC 'டீடீஊ' ஆகிறது. மென்பொருள் இதை உணர்வதில்லை. வாசிப்பவரே உணர்வார், அதுவும் எப்போதோ. அன்று ஒப்பிட்டுத் திருத்துவதற்கு மூலக் கோப்பு ஒன்றே துணை. ஆகவே மாற்றுங்கள், மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள்." முன்னையதை விடச் சற்றே நீளம். இதை வாசித்தவர் மூலத்தை அழித்திருக்க மாட்டார்.

எழுதி முடித்ததைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அடுத்தடுத்த இரண்டு பந்திகளை இடம் மாற்றி வாசித்துப் பாருங்கள். மாற்றிய பின்னரும் "மேலும்", "இதேவேளை", "இந்நிலையில்" என்ற தொடக்கங்கள் அப்படியே பொருந்தினால், அச்சொற்கள் எதையும் இணைக்கவில்லை. பசை மட்டுமே பூசியிருக்கின்றன. "ஏனெனில்", "ஆனால்", "ஆகவே" ஆகியவை பெரும்பாலும் இடமாற்றத்தைத் தாங்கமாட்டா.

இதற்கு மாறான கருத்துள்ள நண்பர்கள் எனக்கு உண்டு. படவில்லைகளை அப்படியே வெளியிடுங்கள், வாசகர் தாமே விளங்கிக்கொள்வார் என்கிறார்கள். உரையைக் கேட்டவருக்கு அது போதும். அவருக்கு அவை நினைவுக்குறிப்புகள். கேளாதவர் குறிப்புகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைத் தம் ஊகத்தால் நிரப்புவார். அந்த ஊகம் என் வாதத்துக்கு நேரெதிராகவும் இருக்கலாம். இன்னொரு நண்பரின் ஆட்சேபம் கனமானது. எழுதும்போது வாதம் மெருகேறி, அன்று பேசாததைப் பேசியதாகக் காட்டுவது நேர்மையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே வருடிய படம் பற்றிய பந்தியில், இது உரையில் இருக்கவில்லை, சபையில் ஒருவர் கேட்டதால் பின்னர் சேர்த்தேன் என்று எழுதினேன். அப்படிச் சொல்வதால் ஓட்டம் கெடுவதில்லை.

ஐரோப்பிய நண்பரின் கோப்புகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். "டீடீஊ" போன்றவற்றை ஓரளவு பின்னோக்கி மாற்றி மீட்கலாம். ஆனால் எந்தச் சொல் ஆங்கிலமாக இருந்தது என்பதை மனிதர் ஒருவர் பக்கம் பக்கமாக வாசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவரும் இரண்டு நண்பர்களும் வார இறுதிகளில் அதைச் செய்கிறார்கள். இதழின் பக்க அமைப்பு, எந்தப் படத்தின் கீழ் எந்தக் குறிப்பு இருந்தது என்பவை மீளவில்லை. அச்சுப் பிரதிகள் யாரிடமாவது இருக்கின்றனவா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பழைய படவில்லைகள் பதினான்கையும் நான் அழிக்கவில்லை. கட்டுரையின் அருகிலேயே வைத்திருக்கிறேன். எட்டாவதன் கீழே, நான்கு நிமிடத்தில் என்ன சொன்னேன் என்பதை முழு வாக்கியங்களில் எழுதி வைத்திருக்கிறேன். அதை மேடையேறுவதற்கு முன்னரே எழுதியிருக்கலாம்.